அம்மாவின் போனுக்கு ஒரு கீபோர்டு

ஸ்க்ரூ அக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய சொந்த அண்ணன். ஏழு வயதில் வீட்டு ரேடியோவின் முதுகைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் சாப்பாட்டுத் தட்டில் பரப்பி, திரும்ப மாட்டி முடித்தபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. "இவளுக்கே ஒண்ணு லூஸு. அதுக்குத்தான் இது" என்று அண்ணன் அதை எடுத்து அவள் நெற்றியில் வைத்து அழுத்தினான். வீடே சிரித்தது. அதுவரை கரகரத்துக்கொண்டிருந்த ரேடியோ அன்று சுத்தமாகப் பாடியதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

நாற்பத்தாறு வயதில் அந்தப் பெயரையே அவள் கடைப் பலகையில் எழுதி வைத்திருந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நகல் எடுக்கும் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு போன் பழுதுக் கடை. கண்ணாடி மேசை, கழுத்து வளையும் விளக்கு, சூடான காற்று ஊதும் ஹீட் கன், இருபது டப்பாக்களில் இருபது அளவு ஸ்க்ரூ. புருஷனை விட்டு வந்த வருஷம் திறந்தது. "ஆம்பளைங்க உக்கார்ற எடத்துல உக்காந்து என்னடி பண்ணப் போற?" என்று அம்மா கேட்டாள். "அவங்க கெடுத்துட்டுப் போனதைச் சரி பண்ணப் போறேன்" என்று இவள் சொன்னாள். வாய்க்கு வாய் கொடுப்பதில் அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

கடையில் அதிகம் விற்கிற பொருள் ஓடிஜி அடாப்டர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். ஒரு முனை போனின் சார்ஜ் துளைக்குள் போகும். மறு முனையில் பென்டிரைவோ கீபோர்டோ செருகலாம். பாட்டு நிறைந்த பென்டிரைவோடு வருகிற லாரி டிரைவர், கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாமல் போனிலேயே கட்டுரை அடிக்கிற கல்லூரிப் பெண், கண் மங்கிப்போய் திரை எழுத்தைத் தொட முடியாத ஓய்வுபெற்ற குமாஸ்தா, எல்லோருக்கும் அதே சாமான்தான். மாட்டியும் வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிறவர்களிடம் அவள் மூன்றே கேள்வி கேட்பாள். போன் பழைய துளையா, சி டைப்பா? செட்டிங்கில் ஓடிஜி என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் அதைத் திறந்து வைத்தீர்களா? பென்டிரைவை எதில் ஃபார்மேட் பண்ணினீர்கள்? பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே அசடு வழிந்துகொண்டு போய்விடுவார்கள்.

அந்தக் கடைக்கு ஒரு விதி உண்டு. யார் போனாக இருந்தாலும் பூட்டுத் திறக்கிற எண்ணை உரியவர்தான் அழுத்த வேண்டும். அக்கா அப்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். படம், செய்தி, யாரைக் கூப்பிட்டார்கள் என்ற பட்டியல், எதையும் பார்க்க மாட்டாள். ஊரில் பாதிக் குடும்பங்களின் ரகசியம் அவள் மேசை வழியாகப் போயிருக்கிறது, ஒன்றுகூட அவள் காதில் விழுந்ததில்லை. அந்த விதியை அவள் ஒரே ஒரு முறை மீறினாள்.

அண்ணன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஊர் அவனைச் சார் என்று கூப்பிட்டது. அண்ணியும் சார் என்றுதான் கூப்பிட்டாள். அம்மாகூட, மற்றவர்கள் முன்னால், "சார் வந்துட்டாரான்னு பாரு" என்பாள். மேடை கிடைத்தால் விட மாட்டான். பெற்றோரைப் பேணுவது பற்றி அரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுவான். அப்படிப் பேசுகிறவன் வீட்டில் அம்மா இல்லாமல், போன் கடை வைத்திருக்கும் தங்கை வீட்டில் இருப்பது அவனுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒரு நாள் கார் எடுத்து வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போனான். ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால்தான் போய்ச் சேரக்கூடிய தூரம்.

போகும்போது அம்மா கையில் ஸ்க்ரூ அக்கா ஒரு போன் கொடுத்தனுப்பினாள். அவளே தேர்ந்தெடுத்து, அவளே எண்களைப் பதிந்து, முகப்பில் தன் படத்தை வைத்து, படத்தைத் தொட்டாலே அழைப்பு போகும்படி செய்து கொடுத்தாள். பூட்டுக்கு எண் வேண்டும் என்றபோது, "எனக்கு மனப்பாடமா இருக்கறது உன் நம்பரோட கடைசி நாலுதான், அதையே வை" என்றாள் அம்மா. கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று தொல்லை கொடுக்கிறவர்களை எப்படித் தடுத்து வைப்பது என்பதையும் ஒரு மதியம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று எண்களைத் தடுத்துக் காட்டினாள். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. "மனுசங்களையும் இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் பின்னால் எல்லாவற்றையும் கெடுத்தது.

போன இரண்டாவது வாரம் அம்மா கூப்பிட்டாள். "எனக்கு இங்க சரிப்பட்டு வரல. நான் அங்கயே வந்துடறேன்." அன்று அக்கா ஒரு போனின் தாய்ப்பலகையைச் சூட்டில் வைத்திருந்தாள், எதிரே நான்கு பேர் நின்றிருந்தார்கள். "இப்பதானம்மா போன. ரெண்டு மாசம் பொறு. பெட்டி தூக்கறதும் எறக்கறதுமா இருந்தா எனக்கு வேற வேல இல்லையா?" என்றாள். அம்மா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் இவள் கூப்பிட்டபோது ஒரே ஒரு மணி அடித்தது, உடனே பிஸி. மறுபடி ஒரு மணி, பிஸி. வேறு யாராக இருந்தாலும் லைன் சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். இவள் போன் கடைக்காரி. ஒரு மணியும் பிஸியும் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். எதிரே இருப்பவர் தடுத்து வைத்திருக்கிறார். தடுக்கக் கற்றுக்கொடுத்தது யார்? தானேதான். அம்மா கோபத்தில் மகளையே தடுத்துவிட்டாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தொழில் தெரியாதவளாக இருந்திருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பாள்.

இரண்டு மாதம் கூப்பிட்டுப் பார்த்தாள். கடை எண்ணிலிருந்து ஒரு முறை முயன்றபோது அண்ணன் எடுத்தான். "அம்மா தூங்கறாங்க. உன் கொரலக் கேட்டா பிபி ஏறுது. கொஞ்ச நாள் விடு" என்றான். அதற்குப் பிறகு அவளுக்கும் வீம்பு வந்தது. வேண்டாம் என்றால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். இடையில் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, போன் செய்து, "பெத்தவளுக்கு ஒரு போன் பண்ணக் கூட உனக்கு நேரமில்லையாடி?" என்று கேட்டாள். என் அம்மாவே என்னைத் தடுத்து வைத்திருக்கிறாள் என்று சொல்ல எந்த மகளுக்கு நாக்கு எழும்பும்? "எனக்கு வேல இருக்கு சித்தி" என்றாள். அந்த ஒரு வாக்கியம் குடும்பம் முழுக்கச் சுற்றி வந்தது.

அம்மா கண்ணை மூடிய பிறகு, ஆளுக்கொரு சாமானாக எடுத்துக்கொண்டபோது அவள் கேட்டது அந்தப் போனை மட்டும்தான். அண்ணன் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துப் போட்டான். கண்ணாடி குறுக்கே கீறியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன அன்னைக்குக் கீழ விழுந்துடுச்சு. செத்த போன். எங்க தொட்டாலும் ஒண்ணும் அசைய மாட்டேங்குது. நானே பாத்துட்டேன்" என்றான். பிறகு சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, "ஸ்க்ரூவுக்குத்தான் செத்ததுமேல பாசம் அதிகம்" என்று சேர்த்துக்கொண்டான். உயிரோடு இருந்தபோது வராதவள் என்று அதற்கு அர்த்தம். எல்லோருக்கும் புரிந்தது.

அவள் அதைக் கொண்டுவந்து கடை இழுப்பறையின் அடியில் போட்டாள். பதினொரு மாதம் தொடவில்லை. தொடு கண்ணாடி மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் திறந்தால் உள்ளே தன் எண் தடுத்தவர்கள் பட்டியலில் இருக்கும், அதை அம்மாவின் கையே செய்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைக் கண்ணால் வேறு பார்க்க வேண்டுமா?

பார்க்க வைத்தது அண்ணன்தான். அம்மாவின் முதல் நினைவு நாளுக்கு உறவுக்காரர்கள் குழுவில் அவன் ஒரு குரல் பதிவு போட்டான். தன் வீட்டில் கூடுவோம், டிவியில் அம்மாவைப் பற்றி ஒரு வீடியோ காட்டப்போகிறேன் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தழைத்துக்கொண்டு, "பெத்த பொண்ணு ஒரு தடவகூடக் கூப்பிடலையேன்னு ஏங்கியே அம்மா போனாங்க. அந்த ஏக்கத்த நான் ஒருத்தன்தான் பக்கத்துல இருந்து பாத்தேன்" என்றான். கீழே வரிசையாக அழுகை முகங்கள், கும்பிடுகள். சித்தி ஒன்றும் எழுதவில்லை. அதுதான் இவளுக்கு அதிகமாகச் சுட்டது.

ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையா? சரி. நான் கூப்பிட்டேன், உங்கள் உத்தமி அம்மாதான் கதவைச் சாத்தினாள் என்று அத்தனை பேர் முகத்திலும் அடிக்கிறேன். அந்த வேகத்தில்தான் அவள் இழுப்பறையைத் திறந்தாள். அந்த நிமிடம் வரை அவள் பழி வாங்க நினைத்தது செத்துப்போன அம்மாவை.

காலை பத்து மணி, கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முதலில் போனை ஒரு மணி நேரம் சார்ஜில் போட்டாள். ஓடிஜி மாட்டிவிட்டால் அந்தத் துளையில் சார்ஜர் மாட்ட முடியாது. கீபோர்டுக்கும் போன்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். திரையில் வெளிச்சம் வந்தது. படம் தெளிவாகத் தெரிந்தது, தொட்டால் மட்டும் அசைவில்லை. செத்த போன் என்று அண்ணன் சொன்னது இதைத்தான். பாடம் நடத்துகிறவனுக்குக் கண் குருடானவனும் செத்தவனும் வேறு என்று தெரிய வேண்டாமா? தொடுவதுதான் போயிருந்தது. போன் நன்றாக இருந்தது.

செட்டிங்கில் ஓடிஜியைத் திறந்துவிட வேண்டிய ரகமாக இருந்திருந்தால் அங்கேயே வழி அடைபட்டிருக்கும். தொட முடியாத போனில் செட்டிங்குக்குள் எப்படிப் போவது? ஆனால் இது அவள் தேர்ந்தெடுத்த போன். மாட்டினால் போதும், தானாகவே எடுத்துக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றி அடாப்டரைச் செருகி, கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் கறுப்புக் கீபோர்டின் வாலை அதில் சொருகினாள். கீபோர்டின் மூலையில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. நீள விசையைத் தட்டினாள். எண் கேட்கும் திரை வந்தது. பழக்க தோஷம், முகம் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. பிறகு திரும்பி வந்து, தன் எண்ணின் கடைசி நான்கையும் அடித்து என்டரைத் தட்டினாள்.

திறந்துகொண்டது. கீபோர்டின் அம்புக்குறிகளை வைத்துக் கட்டம் கட்டமாக நகர்ந்து தடுத்தவர்கள் பட்டியலுக்குப் போனாள். அவள் கற்றுக்கொடுத்தபோது தடுத்த மூன்று எண்கள். நான்காவதாக அவள் எண். நினைத்தபடியே இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உறவுக்காரர்களுக்குக் காட்ட இது போதும். ஆனால் தான் கூப்பிட்டதற்கும் சாட்சி வேண்டுமே என்று அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். தடுக்கப்பட்டவை நாற்பத்தொன்று, பெயரில்லாமல் வெறும் எண்ணாக, இவளுடையவை. அவற்றுக்கு நடுவிலும் அவற்றுக்கு மேலேயும், பக்கம் பக்கமாக, அம்மா வெளியே செய்த அழைப்புகள். ஒவ்வொன்றிலும் இவள் படம். 'சின்னவ.' பூஜ்யம் வினாடி. 'சின்னவ.' பூஜ்யம் வினாடி.

மகளைத் தடுத்து வைத்தவள் எதற்காக மகளையே தினம் கூப்பிட வேண்டும்? கூப்பிட்டால் இங்கே ஏன் மணி அடிக்கவில்லை? அக்கா 'சின்னவ'மீது நின்று விவரத்தைத் திறந்தாள். படம் அவளுடையது, பெயர் அவளுடையது. எண்ணில் ஆறாவது இலக்கம் மட்டும் வேறு. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு.

தன் போனை எடுத்து எட்டுப் போட்டு அழைத்துப் பார்த்தாள். "நீங்கள் அழைத்த எண் பயன்பாட்டில் இல்லை" என்றது பதிவுக் குரல். அம்மா கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் குரலைத்தான். மகள் எண்ணையே மாற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பாள். நினைக்க வைக்கப் பக்கத்தில் ஆளும் இருந்திருக்கும்.

அம்மாவுக்குத் தடுக்கத் தெரியும். ஆனால் பதிந்த எண்ணுக்குள் போய் ஓர் இலக்கத்தை மாற்றுவது சாவி இல்லாத பெட்டி மாதிரி அவளுக்கு. அம்மா நம்பிப் பூட்டு எண்ணைச் சொல்லக்கூடிய ஆள் அந்த வீட்டில் அண்ணன் ஒருவன்தான். அவள் பேப்பரில் கோடு போட்டு எண்ணினாள். அம்மாவுக்கு வேறு யாரும் அதிகம் பேச ஆளில்லாததால் பட்டியல் முழுசாக இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. கடைசி அழைப்பு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. அவள் அழவில்லை. அழுதால் கொஞ்சம் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தாள். அவளுக்கு அது அத்தனையும் வேண்டியிருந்தது.

அன்று முழுக்க வாடிக்கையாளர்களுக்குக் கடை இல்லை. ஓடிஜியின் வாயில் நான்கு துளை ஹப்பைப் போட்டு, ஒன்றில் மவுஸ், ஒன்றில் பென்டிரைவ் செருகினாள். பவர் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தித் திரைகளைப் படம் எடுத்தாள். அந்தப் பொத்தான்களுக்குத் தொடுதல் தேவையில்லை. பென்டிரைவை எந்த டிவியும் மறுக்காதபடி பழைய முறையில் ஃபார்மேட் செய்திருந்தாள். தடுத்த பட்டியல், மாற்றிய எண், அம்மாவின் அழைப்புகள், எல்லாம் ஏறின. தன் அழைப்புகள் இருந்த பக்கங்களில் சிலவற்றை மட்டும் ஏற்றினாள். நாற்பத்தொன்றாவது எந்தத் தேதியில் இருக்கிறது என்று தெரிகிற பக்கத்தை விட்டுவிட்டாள். அம்மா அதற்குப் பிறகு ஏழு மாதம் கூப்பிட்டிருந்தாள்.

நினைவு நாளன்று அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். சுவர் முழுக்க டிவி, அதன் பக்கத்தில் அம்மாவின் படம். ஸ்க்ரூ அக்கா ஒரு துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். யாரும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. சித்தி ஒரு தலையசைப்போடு நகர்ந்துவிட்டாள்.

அண்ணனின் வீடியோ ஓடியது. அம்மா கேக் வெட்டுகிறாள், அண்ணன் ஊட்டுகிறான். அம்மா மாத்திரை விழுங்குகிறாள், அண்ணன் தண்ணீர் தருகிறான். ஒவ்வொன்றையும் யாரோ பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள். முடிந்ததும் அவன் எழுந்து பேசினான். ஏக்கம் என்ற சொல் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை வந்தபோது அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதற்காகவே காத்திருந்தவள் போல அக்கா எழுந்தாள்.

"அண்ணா, நானும் கொஞ்சம் படம் கொண்டாந்திருக்கேன். அம்மா போன்ல இருந்தது. போடட்டுமா?"

அவன் முகத்தில் ஒரு நொடி கணக்கு ஓடியது. செத்த போன், பழைய படங்கள் ஏதாவது முன்னாலேயே எடுத்து வைத்திருப்பாள். இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

"போடும்மா. இதுக்கெல்லாம் கேக்கணுமா? நம்ம வீட்டு எக்ஸ்பர்ட்டாச்சே" என்று அவனே அவள் கையிலிருந்து பென்டிரைவை வாங்கி டிவியில் செருகினான். அவன் கையால் செருகியதை நினைத்து அவள் பல நாள் ரசித்திருக்கிறாள்.

முதல் படம் வந்தது. எழுத்துகள் ஆளுயரத்துக்கு நின்றன. இது என்ன என்று யாருக்கும் புரியவில்லை. அவள் பாடம் எடுப்பது போல நிதானமாகச் சொன்னாள். இது தடுத்த பட்டியல். நாலாவது என் நம்பர். இதெல்லாம் நான் கூப்பிட்டது, உள்ள விடாம தடுத்தது. இதெல்லாம் அம்மா கூப்பிட்டது. இது அம்மா போன்ல என் பேருக்கு நேரா இருக்கிற நம்பர்.

"சித்தி, உங்க போன்ல என் நம்பர் இருக்கில்ல? ஆறாவது நம்பரப் படிங்க."

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். "மூணு" என்றாள். டிவியில் எட்டு நின்றது.

அண்ணன் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைத் தாங்களே திருத்திவிட்டு மார்க் கேட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "இதெல்லாம் இவளே உக்காந்து தயாரிச்சது. செய்யத் தெரியாதா இவளுக்கு? அந்தப் போன் செத்து ஒரு வருஷம் ஆச்சு. தொட்டா அசையாதுன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும். அதுக்குள்ள இவ எப்படிப் போனா?"

அவன் இதைத்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். பையிலிருந்து போனை எடுத்து நடு மேசையில் வைத்தாள். அடாப்டரைச் செருகினாள். கறுப்புக் கீபோர்டை எடுத்து மாட்டி, அதைச் சித்தியின் மடியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"நான் தொட மாட்டேன் சித்தி. நீங்களே அடிங்க. என் நம்பரோட கடைசி நாலு. அப்புறம் அந்தப் பெரிய பொத்தான். அதுதான் அம்மா வச்ச பூட்டு."

சித்தி ஒரு விரலால் ஒவ்வொன்றாக அடித்தாள். கீறல் விழுந்த திரை திறந்துகொண்டு, முகப்பில் ஸ்க்ரூ அக்காவின் படம் வந்தது. மேசையைச் சுற்றித் தலைகள் குவிந்தன. எந்த அம்பை எங்கே தட்டுவது என்று அக்கா வாயால் சொல்லச் சொல்ல, சித்தி அழைப்புப் பட்டியலுக்குப் போனாள். கீழ் அம்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். 'சின்னவ', 'சின்னவ', 'சின்னவ' என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் சித்தியின் விரல் நின்றது.

"தெனம் காலைல ஒம்போது மணிக்கு" என்றாள் சித்தி. "எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலியே. அவளுக்கு ரோஷம்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "சார், இத மாத்துனது யாரு?"

சித்தி அவனை அதுவரை பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சார் அவன்மீது எச்சில் மாதிரி விழுந்தது.

"அவகூடப் பேசி முடிச்சா அம்மா பையக் கட்டிட்டு வாசல்ல உக்காந்துடுவாங்க" என்றான் அவன். குரலில் மேடை இல்லை. "மூணு தடவ. பக்கத்து வீட்டுக்காரன் பாத்துட்டுக் கேட்டான். ஊர்ல நான் எப்படித் தல நிமிந்து நடக்கறது? கொஞ்ச நாளைக்குன்னுதான் செஞ்சேன். அப்புறம் மாத்தறதுக்கு... அப்புறம் எப்படி மாத்தறது?"

"தெனம் அந்த நம்பர்ல யாரும் இல்லன்னு கேட்டுட்டு அம்மா உங்கிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் ஸ்க்ரூ அக்கா.

அண்ணி சொன்னாள், வாசல் நிலையில் சாய்ந்தபடி, யாரையும் பார்க்காமல். "சார்கிட்டதான் போனக் குடுப்பாங்க. சரியா அழுத்தறேனான்னு பாருன்னு. இவரும் வாங்கிப் பாத்துட்டு, சரியாத்தாம்மா அழுத்தறீங்க, அவதான் நம்பர மாத்திட்டான்னு குடுப்பாரு."

சமைத்த சாப்பாடு யாரும் தொடாமல் அப்படியே இருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். ஒரு பெரியவர் அண்ணனைத் தாண்டிப் போகும்போது தோளில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார். சித்தி நாற்காலிமேல் ஏறிச் சுவரிலிருந்த அம்மாவின் படத்தைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. அண்ணி அன்றிலிருந்து அவனைச் சார் என்று கூப்பிடுவதில்லையாம், எப்படியும் கூப்பிடுவதில்லையாம். பள்ளிக்கூடம் வரை செய்தி போனது. அடுத்த பெற்றோர் தினத்துக்குப் பேச வேறு ஆளை வைத்தார்கள். இவையெல்லாம் காதில் விழ விழ ஸ்க்ரூ அக்காவுக்கு உடம்பு தேறியது. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அதை மறைக்கவும் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் சித்தி மட்டும் ஒன்று கேட்டாள். கீபோர்டு அவள் மடியில் இருந்தபோது கீழ் அம்பு எல்லாப் பக்கத்துக்கும்தானே போயிற்று.

"நீ கூப்பிட்டது மொத ரெண்டு மாசத்தோட நின்னு போச்சு இல்ல?"

"ஆமா" என்றாள் அக்கா.

சித்தி அம்மாவின் படத்தை மடியில் குப்புற வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அண்ணன் கூப்பிட ஆரம்பித்தான். ஸ்க்ரூ அக்கா எடுக்கவில்லை, வெட்டவும் இல்லை. அவன் எண்ணைத் தடுத்தவர்கள் பட்டியலில் போட்டாள். இனி அவனுக்கு ஒரு மணி அடிக்கும், பிறகு பிஸி. அவனுக்கு இப்போது அதன் அர்த்தம் தெரியும். அம்மாவின் எண்ணிக்கையை ஒரு அட்டையில் எழுதி விளக்கடியில் ஒட்டினாள்: இருநூற்றுப் பன்னிரண்டு. அவனுடையது அந்த எண்ணைத் தொடட்டும், இருநூற்றுப் பதின்மூன்றாவதை எடுக்கிறேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். தினமும் கடையைத் திறந்ததும் தடுக்கப்பட்ட அழைப்புகளைப் பார்த்து அட்டையில் கோடு போடுவாள். அந்த நாள்களில் காலை காபியைவிட அதுதான் அவளுக்கு ருசித்தது.

ஏழு. பதினைந்து. ஒரே நாளில் ஆறு வந்து இருபத்தெட்டு. மழை பெய்த வாரத்தில் முப்பத்தைந்து. முப்பத்தெட்டாவது ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

புதன்கிழமை ஒன்றும் இல்லை. அந்த வாரம் முழுக்க ஒன்றும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. லாரி டிரைவர் புதுப் பென்டிரைவோடு வந்து நின்றபோது அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதுக்கு ஓடிஜி" என்றான். அவள் எடுத்துக் கொடுத்தாள். மூன்று கேள்வியில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

அவன் போன பிறகு பேனாவை எடுத்தாள். அண்ணனின் முப்பத்தெட்டுக்குக் கீழே தன்னுடைய நாற்பத்தொன்றை எழுதினாள். அந்த வீட்டில் மூன்று பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் பதில் இல்லை, நிறுத்தாதவள் ஒருத்திதான். அட்டையின் மேலே இருந்த அவளுடைய இருநூற்றுப் பன்னிரண்டைப் பார்க்கப் பார்க்க, அண்ணன்மீது இருந்த ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை. அது தன் பக்கமும் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

பட்டியலிலிருந்து அவன் எண்ணை அவள் இன்னும் எடுக்கவில்லை. அம்மாவின் போனுக்குத் தொடு கண்ணாடியும் மாற்றவில்லை. தினம் காலை ஒன்பது மணிக்கு அடாப்டரைச் செருகி, கீபோர்டை மாட்டி, தன் எண்ணின் கடைசி நான்கையும் அடித்துத் திறந்து பார்க்கிறாள். பிறகு தன் போனில் அண்ணனின் முப்பத்தொன்பதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள்.